இரவு 11.40, மேல் வீட்டில் சத்தம்

சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மேல்தளத்து ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர் கோவையில் இருக்கிறார். கீழ்வீட்டுக்காரர் அவரைப் போனில் அழைக்கிறார்: "சார், மேல டெய்லி ராத்திரி ஒரே சத்தம், தூங்கவே முடியல." உரிமையாளர், "அப்படியாங்க, கேட்டுச் சொல்றேனுங்க" என்கிறார். வாடகைதாரரிடம் கேட்கவும் கேட்கிறார். "டெய்லியா? போன வாரம் நாங்க ஊர்லயே இல்லையே அங்கிள்" என்று பதில் வருகிறது. விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

உரிமையாளர் அலட்சியம் செய்தார் என்று சொல்லிவிட முடியாது. மாதம் பிறந்தால் வாடகை சரியாக வருகிறது; வீட்டைப் பற்றி வேறு புகார் இல்லை. அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இல்லை. "டெய்லி" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அவரால் யாரையும் கேள்வி கேட்க முடியாது. வாடகைதாரரிடம் நேராகக் கேட்கும்படியான தேதி, நேரம், சத்தத்தின் வகை ஆகியவை அவர் கையில் இருந்தால்தான் பேச்சு நகரும். புகார் கொடுப்பவர் தயாரிக்க வேண்டியது அதைத்தான்.

அதற்குச் சிறந்த கருவி ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். பக்கங்களைக் கிழிக்க முடியாதபடி தைத்த நோட்டு நல்லது. ஒவ்வொரு முறையும் ஆறு விஷயங்களை எழுதினால் போதும்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன சத்தம், எந்த அறையில் கேட்டது, அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள். இதை அந்த இரவே எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதையும் நினைவிலிருந்து எழுதினால், நேரங்கள் எல்லாம் 11, 11.30, 12 என்று உருண்டையாக வந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்து எழுதியவருக்குத்தான் 11.40, 12.52 என்று வரும். படிப்பவருக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. சனிக்கிழமை இரவு பன்னிரண்டரை மணிக்குச் சத்தம் கேட்டால், காலண்டர்படி அது ஞாயிறு. நோட்டில் வெறுமனே "சனி 12.30" என்று எழுதிவிட்டால், வெள்ளி நள்ளிரவு தாண்டியதா, சனி நள்ளிரவு தாண்டியதா என்ற குழப்பம் வரும். "அந்த ராத்திரி நாங்க ஊருக்குப் போயிருந்தோம், இதோ டிக்கெட்" என்று வாடகைதாரர் ஒரே ஒரு பதிவைப் பொய்யாக்கிவிட்டால், மற்ற எல்லாப் பதிவுகளையும் உரிமையாளர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். ஆகவே "சனி இரவு, ஞாயிறு அதிகாலை 12.30" என்று இரண்டையும் எழுதிவிடுங்கள்.

"காட்டுக்கத்தல்", "தாங்க முடியாத கூத்து" என்பவை நோட்டில் வேண்டாம். "பாட்டின் பேஸ் ஒலி, படுக்கையறை ஜன்னல் மூடியிருந்தும் கேட்டது, 50 நிமிடம்" என்பது போதும். சத்தமே இல்லாத இரவுகளையும் "அமைதி" என்று ஒரு வரி எழுதிவையுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் நோட்டுக்கு நம்பகத்தன்மை கொடுப்பவை அமைதியான இரவுகள்தான். குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்த ஆள் இல்லை, நடந்ததை நடந்தபடி எழுதியவர் என்று அவை காட்டுகின்றன.

எழுதத் தொடங்குவதற்கு முன், சத்தம் அந்த வீட்டிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கான்கிரீட் கட்டடத்தில் தட்டும் ஒலியும் இழுக்கும் ஒலியும் தளத்துக்குள்ளும் தூணுக்குள்ளும் ஓடி, வேறு இடத்தில் வெளிப்படும். நேர் மேலே என்று நாம் நினைப்பது குறுக்கே இருக்கும் வீடாக இருக்கலாம். தண்ணீர் மோட்டாராகவோ ஏ.சி.யின் வெளி யூனிட்டாகவோகூட இருக்கலாம். சத்தம் கேட்கும்போது ஒருமுறை படியேறிப் போய், அந்த வீட்டு வாசலுக்கு வெளியே பொது இடத்தில் நின்று கேட்டுவிட்டு வாருங்கள். வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு போனால், அவர் பெயரையும் நேரத்தையும் நோட்டில் எழுதலாம்.

மூன்று வாரம் எழுதிய ஒரு நோட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அதில் சில வரிகள் இப்படி இருக்கின்றன:

"வெள்ளி இரவு. 11.40 முதல் சனி அதிகாலை 1.15 வரை. பாட்டு, பேஸ் ஒலி, பல பேர் பேச்சு. இரண்டு படுக்கையறையிலும் கேட்டது. 12.10க்கு மேலே போய்ச் சொன்னேன், குறைத்தார்கள், 12.30க்கு மறுபடி கூடியது."

"திங்கள் இரவு, செவ்வாய் அதிகாலை 12.52 முதல் 1.03 வரை. நாற்காலி இழுக்கும் சத்தம், ஏழெட்டு முறை. ஹாலுக்கு மேலே. எதுவும் செய்யவில்லை."

"புதன் இரவு. அமைதி."

21 இரவுகளைக் கூட்டிப் பார்த்தால் படம் தெளிவாகிறது. பாட்டுச் சத்தம் 5 இரவுகள்; ஐந்துமே வெள்ளி அல்லது சனி. நாற்காலிச் சத்தம் 9 இரவுகள். எல்லாம் வேலைநாட்களில், 12.40க்கும் 1.10க்கும் நடுவில், பத்து நிமிடம் அளவுக்கு. மீதி 7 இரவுகள் அமைதி. போனில் "டெய்லி ஒரே சத்தம்" என்று சொன்னது உண்மையில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். ஒன்று வார இறுதியில் நண்பர்கள் கூடுவதால் வருவது. பேசித்தான் தீர்க்க வேண்டும். மற்றொன்று, யாரோ இரவு ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்காருவது போலத் தெரிகிறது. அதற்கு நாற்காலிக் கால்களில் ரப்பர் புஷ் மாட்டினாலே போதும். உரிமையாளரிடம் இப்படிப் பிரித்துச் சொன்னால், அவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது.

செல்போனில் பதிவு செய்து அனுப்பினால் போதாதா என்று தோன்றலாம். பதிவு துணைச் சான்றுதான். போன் மைக் மனிதக் குரலுக்காக அமைந்தது. சிறிய ஒலியைத் தானே கூட்டும், பெரிய ஒலியைத் தானே குறைக்கும். படுக்கையை அதிரவைக்கும் "தும் தும்" அதில் சரியாகப் பதிவாகாது. மின்விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்கும். உரிமையாளர் போட்டுக் கேட்டுவிட்டு, "ஒண்ணுமே கேட்கலையேங்க" என்பார். பதிவு செய்வதானால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, எப்போதும் ஒரே இடத்தில் போனை வைத்து, ஒரு நிமிடம் பதியுங்கள். தொடக்கத்தில் தேதி, நேரம், அறை ஆகியவற்றை வாயால் சொல்லுங்கள். அமைதியான ஓர் இரவிலும் அதே இடத்தில் ஒரு நிமிடம் பதிந்து, இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் நகலில் கோப்பின் பெயரும் நேர விவரமும் மாறிவிடக்கூடும். உங்கள் வீட்டுக்குள் கேட்பதை மட்டும் பதியுங்கள். அவர்கள் ஜன்னலை வீடியோ எடுத்தால் புகார் உங்கள் மேல் திரும்பும்.

டெசிபல் காட்டும் செயலிகளிலும் கவனம் தேவை. பெரும்பாலான செயலிகள் காட்டுவது, மனிதக் காதின் உணர்வுக்கு ஏற்பத் தாழ்ந்த ஒலிகளின் மதிப்பைக் கழித்துவிட்டுச் சொல்லும் அளவு. 63 ஹெர்ட்ஸ் அளவில் உள்ள பேஸ் ஒலியில் ஏறத்தாழ 26 டெசிபல் கழிந்துவிடும். உங்களைத் தூங்கவிடாத அதே ஒலி திரையில் சின்ன எண்ணாகத் தெரிவது அதனால்தான். மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருப்பது உண்மை. ஆனால் அது அந்தப் பகுதியின் பொதுவான ஒலி அளவுக்கான வரம்பு. படுக்கையறையில் செயலி காட்டிய எண்ணை வைத்து "சட்டத்தை மீறிவிட்டார்கள்" என்று எழுதினால், எதிர்த் தரப்பு அதை எளிதில் உடைத்துவிடும். அந்த விதிகளிலிருந்து புகாருக்குப் பயன்படுவது 10 மணி என்ற கோடுதான். இரவு எப்போது தொடங்குகிறது என்பதற்கு அது பொது அளவுகோல்.

எல்லாச் சத்தமும் புகாருக்கு உரியதும் இல்லை. கைக்குழந்தை அழுவதையும் முதியவர் நடுஇரவில் கழிப்பறைக்குப் போவதையும் பட்டியலில் சேர்த்தால், உண்மையான குறை அதற்குள் அமுங்கிவிடும். தவிர்க்கக்கூடிய சத்தத்தை மட்டும் எழுதுங்கள்.

கடிதம் ஒரே பக்கம் இருக்கட்டும். ஃபிளாட் எண், எத்தனை இரவுகளில் எத்தனை, எந்த நேரம், நேரில் சொன்ன தேதியும் கிடைத்த பதிலும், கடைசியாக, உங்கள் கோரிக்கை. "நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் எழுதாமல், "இரவு 10.30க்கு மேல் ஸ்பீக்கரை நிறுத்தும்படியும் நாற்காலிக்கு ரப்பர் புஷ் மாட்டும்படியும் சொல்லுங்கள், 15 நாளில் பதில் தெரிவியுங்கள்" என்று கேளுங்கள். நோட்டுப் பக்கங்களின் நகலை இணைத்து, மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பிவிட்டு, ஒரு பிரதியைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற வரி இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்க்கும்படி உரிமையாளரைக் கேட்கலாம்.

கடிதம் போனதும் நோட்டை மூடிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின்படி, வாடகைதாரர் வீட்டைத் தவறாகப் பயன்படுத்தினால் உரிமையாளர் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால்தான் அதைக் காரணமாகக் காட்டிக் காலி செய்யக் கோர முடியும். நோட்டீஸுக்குப் பிந்தைய இரவுகளின் பதிவுதான் அங்கே எடைபோடப்படும். பொதுத் தொல்லை என்று நிறுவ ஒரு வீட்டின் புகார் மட்டும் போதாமல் போகலாம். பக்கத்து வீட்டாருக்கும் சத்தம் கேட்டால், அவர்கள் தனியாக, தங்கள் கையால், தங்கள் நேரத்தைப் பார்த்து எழுதட்டும். ஒரே கடிதத்தில் பத்துப் பேர் கையெழுத்துப் போடுவதைவிட, ஒன்றையொன்று பார்க்காமல் எழுதிய இரண்டு நோட்டுகள் ஒத்துப்போவது வலுவானது. ஏதாவது ஓர் இரவில் போலீஸை அழைக்க நேர்ந்தால் அந்த நேரத்தையும், புகார் எழுதிக் கொடுத்தால் கிடைக்கும் சி.எஸ்.ஆர். ரசீது எண்ணையும் நோட்டில் சேருங்கள்.

உரிமையாளர் பேசி, சத்தம் குறைந்துவிட்டால், அதையும் தேதி போட்டு எழுதி அவருக்கு ஒரு நன்றிச் செய்தி அனுப்புங்கள். சத்தம் மறுபடி தொடங்கினால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அமைதியாக இருக்க முடிந்தது என்பதற்கு அதுவே சான்று. இன்றிரவு சத்தம் கேட்டால் போனை எடுத்து உரிமையாளரை அழைப்பதற்கு முன், கடிகாரத்தைப் பார்த்து முதல் வரியை எழுதுங்கள்.