பூஜ்ய நிமிடச் சீற்றத்துக்கு 33 நிமிடக் காத்திருப்பு

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்றொரு கொதிநீர் ஊற்று இருக்கிறது. 1870இல் அந்தப் பக்கம் போன ஆய்வுக்குழுவினர் வைத்த பெயர் இது. சில நிமிடங்கள் நீரையும் நீராவியையும் வானத்தில் பீய்ச்சியடிக்கும், பிறகு அடங்கிவிடும். அடுத்த சீற்றம் எப்போது என்பதைப் பூங்கா ஊழியர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அதற்கு அவர்கள் முக்கியமாகக் கவனிப்பது, கடைசிச் சீற்றம் எத்தனை நிமிடம் நீடித்தது என்பதைத்தான்.

காரணம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. சீற்றம் சீக்கிரம் முடிந்தால் குழாய் போன்ற அந்தப் பிளவில் சூடான நீர் கணிசமாக மிஞ்சியிருக்கும். மறுபடி கொதிநிலைக்கு வர அதிக நேரம் வேண்டாம். நீண்ட சீற்றமோ பெருமளவு நீரை வெளியேற்றிவிடும். புது நீர் ஊறி நிறைந்து சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். ஆக, சீற்றம் நீள நீள இடைவெளியும் நீளும். ஒரு நிமிடம் கூடினால் இடைவெளி எத்தனை நிமிடம் கூடும்? ஒரு நேர்கோட்டை வைத்து இதற்கு விடை காண்பதைத்தான் எளிய நேரியல் தொடர்புப் போக்கு என்கிறது புள்ளியியல்.

இந்த ஊற்றின் 272 சீற்றங்களைப் பற்றிய பதிவு ஒன்று புள்ளியியல் மாணவர்கள் பலருக்கும் பழக்கமானது. அதன் முதல் ஐந்து வரிகளை மட்டும் எடுத்து, சீற்ற நேரத்தை ஒரு தசமத்துக்குச் சுருக்கிக்கொள்வோம். 3.6 நிமிடச் சீற்றத்துக்குப் பின் 79 நிமிட இடைவெளி. 1.8க்குப் பின் 54. 3.3க்குப் பின் 74. 2.3க்குப் பின் 62. 4.5க்குப் பின் 85. சீற்ற நேரத்தை x என்றும் இடைவெளியை y என்றும் வைத்தால், நமக்கு வேண்டிய கோடு y = a + bx. இதில் b என்பது சாய்வு. a என்பது வெட்டுத்துண்டு, அதாவது x பூஜ்யமாகும் இடத்தில் கோடு காட்டும் உயரம்.

இந்த ஐந்து புள்ளிகளும் ஒரே கோட்டில் விழாது. எந்தக் கோட்டை வரைந்தாலும் சில புள்ளிகள் மேலே நிற்கும், சில கீழே நிற்கும். கோடு சொன்ன இடைவெளிக்கும் உண்மையில் கடந்த இடைவெளிக்கும் உள்ள வித்தியாசமே பிழை. பிழைகளை அப்படியே கூட்டினால் மேலதும் கீழதும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவோ அதைத் தேர்ந்தெடுக்கிறோம். இந்த மீச்சிறு வர்க்க முறையை முதலில் அச்சில் வெளியிட்டவர் பிரெஞ்சுக் கணிதர் லெஜாண்ட்ர். வால்நட்சத்திரங்களின் பாதையைக் கணிப்பது பற்றி 1805இல் அவர் எழுதிய நூலில் அது இருக்கிறது.

இரண்டு எண்களை ஒரே நேரத்தில் தேடுவதால் வேலை கடினமாகத் தெரியும். ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டால் மற்றது தானாக வந்துவிடும். சாய்வு 10 என்று சும்மா வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு இடைவெளியிலிருந்தும் 10x-ஐக் கழித்தால் 43, 36, 41, 39, 40 என்று மிஞ்சும். இவை ஐந்துக்கும் பொதுவாக ஒரே ஒரு a சொல்ல வேண்டும். a = 41 என்றால் பிழைகளின் வர்க்கக் கூட்டல் 34. a-வை அந்த ஐந்து எண்களின் சராசரியான 39.8 என்று வைத்தால் அது 26.8 ஆகக் குறைகிறது. சராசரியை விட்டு எந்தப் பக்கம் நகர்ந்தாலும், நகர்ந்த தூரத்தின் வர்க்கத்தைப் போல ஐந்து மடங்கு கூடுகிறது. 1.2 நகர்ந்தோம், 1.44 × 5 = 7.2 கூடியது. ஆகவே சாய்வு எதுவானாலும் சிறந்த a என்பது சராசரிதான். y-களின் சராசரி 70.8, x-களின் சராசரி 3.1, 70.8 − 10 × 3.1 = 39.8. பொதுவாகச் சொன்னால், a = ȳ − b x̄.

இந்தச் சிறு சமன்பாட்டுக்குள் ஒரு பெரிய செய்தி இருக்கிறது. சிறந்த கோடு இரண்டு சராசரிகளும் சந்திக்கும் புள்ளி வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் புள்ளியை அச்சாணியாக்கிக் கோட்டைச் சுழற்றிப் பார்ப்பது மட்டுமே இனி பாக்கி.

அதனால் எல்லா எண்களையும் அந்தப் புள்ளியிலிருந்து அளந்துகொள்ளலாம். சீற்ற நேரங்கள் சராசரியிலிருந்து விலகும் அளவு 0.5, −1.3, 0.2, −0.8, 1.4. இடைவெளிகள் விலகும் அளவு 8.2, −16.8, 3.2, −8.8, 14.2. முதல் விலக்கத்தை u என்றும் இரண்டாவதை v என்றும் அழைத்தால் ஒவ்வொரு பிழையும் v − bu. இதை வர்க்கமாக்கினால் v² − 2buv + b²u². ஐந்தையும் கூட்டினால் v² மொத்தம் 638.8, uv மொத்தம் 53.5, u² மொத்தம் 4.58. எனவே மொத்தப் பிழை:

638.8 − 107b + 4.58b²

இனி b மட்டுமே தெரியாத எண். 10 போட்டால் 26.8, 11 போட்டால் 15.98, 12 போட்டால் 14.32, 13 போட்டால் மறுபடி 21.82. பள்ளியில் படித்த இருபடிக் கோவைதான் இது. வர்க்கப் பூர்த்தி செய்தால் 4.58 × (b − 53.5/4.58)² என்ற ஒரு பகுதியும், b-யைச் சாராத 13.9 என்ற மீதியும் கிடைக்கும். வர்க்கம் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. எனவே அடைப்புக்குறிக்குள் இருப்பது பூஜ்யமாகும்போதுதான் பிழை மிகக் குறைவு. b = 53.5 ÷ 4.58 = 11.68. நுண்கணிதம் எதுவும் தேவைப்படவில்லை. எத்தனை புள்ளிகள் இருந்தாலும் இதே வழிதான்:

b = Σ(x − x̄)(y − ȳ) ÷ Σ(x − x̄)²

அந்த 53.5 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. 1.8 நிமிடச் சீற்றம் மட்டும் 21.84 தந்திருக்கிறது, 4.5 நிமிடச் சீற்றம் 19.88. மற்ற மூன்றும் சேர்ந்து 12கூட இல்லை. ஓரத்தில் இருக்கும் புள்ளிகள்தான் கோட்டின் சாய்வைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஓரப் புள்ளி ஒன்று தவறாகப் பதிவாகியிருந்தால் முழுக் கோடும் திரும்பிவிடும் என்பதும் இதிலிருந்தே புரியும்.

a-வுக்கு 70.8 − 11.68 × 3.1, அதாவது ஏறத்தாழ 34.6 வருகிறது. நம் கணக்கில் சேராத அடுத்த இரண்டு வரிகளை வைத்துக் கோட்டைச் சோதிப்போம். ஏழாவது வரியில் 4.7 நிமிடச் சீற்றம், கோடு 89.5 நிமிடம் என்கிறது, நடந்தது 88. அருமை. ஆறாவது வரியில் 2.883 நிமிடம், கோடு 68 என்கிறது, நடந்ததோ 55. ஒரே கோடு ஓரத்தில் சரியாகச் சொல்லிவிட்டு நடுவில் 13 நிமிடம் தவறுகிறது.

272 சீற்றங்களையும் சேர்த்துப் பார்க்க, இந்தப் பதிவு கூடவே வரும் R மென்பொருளில் ஒரு வரி போதும்:

```
lm(waiting ~ eruptions, data = faithful)
```

சாய்வு 10.73, வெட்டுத்துண்டு 33.47 என்று விடை வருகிறது. சாய்வின் பொருள் தெளிவு: ஒரு சீற்றம் இன்னொன்றைவிட ஒரு நிமிடம் நீண்டிருந்தால், அதற்குப் பிந்தைய இடைவெளி சராசரியாகப் பத்தே முக்கால் நிமிடம் கூடுதல். சிக்கல் 33.47இல்தான். எழுத்துப்படி வாசித்தால், பூஜ்ய நிமிடம் நீடித்த சீற்றத்துக்குப் பின் 33 நிமிடம் காத்திருக்க வேண்டும். பூஜ்ய நிமிடம் நீடித்த சீற்றம் என்றால் சீற்றமே நடக்கவில்லை என்று பொருள். நடக்காத ஒன்றுக்குப் பின் எதற்காகக் காத்திருப்பது?

தேர்வுத்தாளில் மாணவர்கள் பலர் இந்த இடத்தில், எதையாவது எழுத வேண்டுமே என்று 33 நிமிடத்துக்கு ஒரு கதை கட்டிவிடுகிறார்கள். பதிவில் உள்ள மிகச் சிறிய சீற்றமே 1.6 நிமிடம், மிக நீண்டது 5.1. பூஜ்யத்தின் அருகே ஒரு புள்ளிகூட இல்லை. அந்தப் பகுதியில் கோடு எப்படிப் போகும் என்பதற்கு யாரிடமும் சான்று இல்லை. எனவே இங்கே 33.47 என்பது கோட்டைச் சரியான உயரத்தில் நிறுத்தும் எண் மட்டுமே. அது இல்லாமல் கணிக்க முடியாது. ஆனால் அதைத் தனியே எடுத்து ஊற்றைப் பற்றிய செய்தியாகச் சொல்லவும் கூடாது.

பொருள் தரும் வெட்டுத்துண்டு வேண்டுமென்றால் அளவையின் தொடக்கத்தை நகர்த்தலாம். சீற்ற நேரத்திலிருந்து 2 நிமிடத்தைக் கழித்துவிட்டு அதே கணக்கைப் போட்டால் சாய்வு அதே 10.73தான், விலக்கங்கள் மாறவில்லையே. வெட்டுத்துண்டு மட்டும் 33.47 + 2 × 10.73, அதாவது 54.9 ஆகும். 2 நிமிடச் சீற்றத்துக்குப் பின் சராசரியாக 55 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று இப்போது தாராளமாகச் சொல்லலாம். பதிவில் அப்படிப்பட்ட சீற்றங்கள் நிறையவே உண்டு.

ஏன் 2 நிமிடம், ஏன் 3 இல்லை? புள்ளிகளை வரைபடத்தில் குறித்தால் அவை இரண்டு கூட்டங்களாகப் பிரிந்து நிற்கின்றன: ஒன்று 2 நிமிடத்தை ஒட்டி, மற்றது 4.3ஐ ஒட்டி. 3 நிமிடச் சுற்றுவட்டாரம் ஏறக்குறைய காலி. கோட்டின் அச்சாணியான சராசரி, 3.49 நிமிடம், அந்த ஆளில்லா இடத்தின் பக்கம்தான் விழுகிறது. ஆறாவது வரி ஏமாற்றியதும் அங்கேதான். இரண்டு கூட்டங்களுக்கும் தனித்தனியே கோடு வரைந்தால் சாய்வு 10.73ஐவிடக் கணிசமாகக் குறைகிறது. அந்த 10.73இன் பெரும்பங்கு, குறுஞ்சீற்றத்துக்கும் நெடுஞ்சீற்றத்துக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து வருகிறது. ஒரே வகைக்குள் ஒவ்வொரு நிமிடக் கூடுதலும் அவ்வளவு காத்திருப்பைக் கூட்டுவதில்லை. புள்ளிகளை வரைந்து பார்க்காமல் சூத்திரத்தை மட்டும் நம்பியவருக்கு இது தெரியவே தெரியாது.

இந்த எண்களுக்குக் காலமும் உண்டு. 1959இல் யெல்லோஸ்டோன் அருகே ஹெப்கன் ஏரிப் பகுதியில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஓல்டு ஃபெய்த்ஃபுலின் சராசரி இடைவெளி நீண்டது. இந்தப் பதிவில் 71 நிமிடமாக இருக்கும் சராசரி, இன்று ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி நிற்கிறது. பழைய கோடு 4.5 நிமிடச் சீற்றத்துக்கு 82 நிமிடம் என்று சொல்லும். அதை நம்பி இன்று கடிகாரத்தைப் பார்த்து நிற்பவர், 82 நிமிடம் கடந்த பிறகும் வெறும் ஆவியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க நேரும். பூங்கா ஊழியர்கள் புதிய இடைவெளிகளைக் கொண்டு கணிப்பைத் திருத்திக்கொள்கிறார்கள். அப்படியும் நேரத்தைச் சொல்லும்போது, முன்னே பின்னே பத்து நிமிடம் ஆகலாம் என்று சேர்த்தே சொல்கிறார்கள்.