முந்திரி, அரிசியை இணையத்தில் விற்பவர்கள் டெலிவரி, ரிட்டன் விதிகளை எழுதுவது எப்படி?

பண்ருட்டி முந்திரியையும் சிதம்பரம் பக்கத்துப் பாரம்பரிய அரிசியையும் சொந்த இணையதளம் வைத்து நேரடியாக விற்கும் விவசாயிகள், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரியைக் கடை ரசீதில் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறார்கள். அந்த வரி செல்லாது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், இணையத்தில் தொடர்ந்து வியாபாரமாக விற்பவர்களுக்குப் பொருந்தும். பொருள் கெட்டிருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தரத்தில் இல்லாவிட்டாலோ, சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தாலோ, திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்றவர் மறுக்க முடியாது.

ஆகவே நீங்கள் எழுதும் நாள் கணக்கே உங்களைக் கட்டும். "3 நாளில் டெலிவரி" என்று ஆசைக்கு எழுதிவிட்டு 5-ம் நாள் பார்சல் போனால், முந்திரி நன்றாக இருந்தாலும் வாங்கியவர் பணத்தைக் கேட்கலாம். இதுவரை அனுப்பிய கடைசி 20 பார்சல்களின் ரசீதை எடுத்து, எது எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். 18 பார்சல் 4 நாளுக்குள்ளும் மீதி இரண்டு 6-ம் நாளும் போயிருந்தால் 6 என்றே எழுதுங்கள். சீக்கிரம் போனால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

பேக்கிங் செய்யும் நாளையும் வழியில் ஆகும் நாளையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். புவனகிரியில் இருந்து அனுப்பும் ஒருவர் இப்படி எழுதலாம்: "பகல் 12 மணிக்குள் வரும் ஆர்டர் மறுநாள் அனுப்பப்படும். ஞாயிற்றுக்கிழமை அனுப்புவதில்லை. அனுப்பிய நாளில் இருந்து தமிழ்நாட்டுக்குள் 6 நாள், வெளி மாநிலத்துக்கு 10 நாளுக்குள் வந்து சேரும்."

அடுத்தது கட்டணம். இதில்தான் பலருக்குக் கை கடிக்கிறது. பல கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். இதிலும் தராசு எடையிலும் எது அதிகமோ அதற்குத்தான் காசு. அரைக் கிலோ பலாப்பழச் சிப்ஸை உடையாமல் இருக்க 30 × 25 × 20 பெட்டியில் வைத்தால் பெருக்குத்தொகை 15,000. அதாவது 3 கிலோ. ஐந்து கிலோ அரிசி மூட்டையில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. அதனால் "கிலோவுக்கு இவ்வளவு" என்று எல்லாப் பொருளுக்கும் ஒரே கட்டணம் போடாதீர்கள். பெட்டியின் அளவுப்படி கூரியரில் கேட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகப் போடுங்கள். சிலர் வகுக்கும் எண்ணை மாற்றி வைத்திருப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன்பே டெலிவரி கட்டணமும் வரியும் சேர்ந்த மொத்த விலையும், அதன் பிரிவும் வாங்குபவருக்குத் தெரிய வேண்டும்.

கடலூர் மாவட்டத்தில் விதிவிலக்கு என்றால் முதலில் மழைதான். 2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். ஃபெஞ்சலுக்குப் பின் வந்த வெள்ளத்தில் சாலையும் ரயிலும் நின்றன. இப்படிப்பட்ட இயற்கைச் சீற்றத்தால் தாமதமானால் அந்த விதி உங்களைக் கட்டாது. ஆனால் தாமதத்துக்கு மட்டும்தான் இந்த விலக்கு. அதே மழையில் நனைந்து பூசணம் பிடித்த அரிசி போய்ச் சேர்ந்தால் அது கெட்ட பொருள். பணத்தைத் தர வேண்டியதுதான். "அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல், வெள்ள எச்சரிக்கை உள்ள நாட்களில் அனுப்புவது நிறுத்தப்படும், போனில் தெரிவிப்போம், வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்ப வரும்" என்று எழுதினால் இரு பக்கமும் குழப்பமில்லை.

முந்திரிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. "முழுப் பருப்பு" என்று விற்று, வழியில் குலுங்கிப் பாதி உடைந்து போனால், சொன்ன தரம் இல்லை என்றாகிவிடும். கால் கிலோவில் ஓரிரு பருப்பு உடைந்திருக்கலாம் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். விதிகளின் அடியில் ஒளித்து வைத்தால் பயனில்லை.

கெட்ட உணவுப் பொருளைத் திரும்ப வரவழைக்க வேண்டாம் என்பது என் கருத்து. கூரியர் செலவுதான் வீண்; வந்த பொருளை மறுபடி விற்கவும் முடியாது. "வந்த 2 நாளுக்குள் போட்டோ அனுப்புங்கள், மாற்றுப் பொருளோ முழுப் பணமோ 7 நாளில் தரப்படும், பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை" என்பது போதும். பெட்டியைப் பிரிக்கும் வீடியோ இல்லாவிட்டால் பணமே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். வழக்கு என்று வந்தால் அந்த வரியை நம்பி நிற்க முடியாது. பொருள் நன்றாக இருந்து, மனம் மாறியதால் திருப்பித் தருவதை மட்டும் நீங்கள் மறுக்கலாம். பிரித்த பொட்டலம் அதில் சேரும் என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

கடைசியில் உங்கள் பெயர், முகவரி, போன் எண், புகாரைக் கவனிப்பவர் யார் என்பதைப் போடுங்கள். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகப் பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன.