ஆடிக்கு முன்னால் வரன் நோட்டு

பிள்ளையார்பாளையத்தில் பெண்ணுக்கு வரன் தேடும் ஒரு நெசவுக் குடும்பம், மேட்ரிமோனி தளத்தில் மே 10 அன்று 90 நாள் சந்தா கட்டியதாக வைத்துக்கொள்வோம். ஜூலை முதல் வாரத்தில் ஒரு ஜாதகம் பொருந்துகிறது. பையனின் அம்மா ஆப் வழியாகவே கூப்பிட்டு, "ஆடி போகட்டுங்க, ஆவணி பிறந்ததும் காமாட்சியம்மன் கோயில்லயே பொண்ணைப் பார்த்துக்கலாம்" என்கிறார். ஆகஸ்ட் 7 அன்று சந்தா முடிகிறது. ஆவணி பிறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது.

பல தளங்களில் சந்தா முடிந்தால் நம் விவரப்பக்கம் அப்படியே இருக்கும். ஆனால் ஏற்கெனவே திறந்து பார்த்த போன் எண்கள் மறுபடி பூட்டிக்கொள்ளும், உரையாடலும் திறக்காது. ஆப் வழியாக வந்த அழைப்பு என்பதால் போனின் அழைப்புப் பட்டியலிலும் எண் இருக்காது. மறுபடி பணம் கட்டினால் இவை பெரும்பாலும் திரும்பிவிடும். எதிர்த்தரப்பு தங்கள் பக்கத்தை மறைத்துவிட்டாலோ அழித்துவிட்டாலோ நாம் எவ்வளவு கட்டியும் பயனில்லை. மறைத்தது என்றால் அவர்களே திறக்க வேண்டும். அழித்தது என்றால் போனதுதான். ஆடியில் தொல்லை வேண்டாம் என்று ஒரு மாதத்துக்கு மறைத்துவைப்பவர்கள் உண்டு. அதைப் பார்த்து 'வேறு இடம் முடிந்துவிட்டது' என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம்.

அதனால் பேச்சு சூடாக இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். முதலில் தளம் தந்த பதிவு எண். பெயரில் தேடினால் ஒரே பெயரில் நூறு பேர் வருவார்கள். பதிவு எண் ஒருவருக்கே உரியது, வாடிக்கையாளர் சேவையில் கேட்பதும் அதைத்தான். அடுத்து, பேசியவர் யார், அவருடைய சொந்த எண் என்ன, எந்தத் தேதியில் என்ன சொன்னார். பையனின் நட்சத்திரம், பாதம், பிறந்த நேரம், ஊர். ஜாதகத்தைத் தளத்திலேயே விட்டுவைக்காமல் இறக்கிக்கொள்ளுங்கள். போனில் எண்ணைச் சேமிக்கும்போது வெறும் 'மாப்பிள்ளை வீடு' என்று போட்டால் மூன்றாவது வரனிலேயே குழம்பிவிடும். 'வரன் உத்திரம் ஆரணி' என்று போடலாம். சில ஆப்களில் திரையைப் படம் பிடிக்க முடியாது. அங்கே கையால்தான் எழுத வேண்டும்.

எழுதாமல் விட்டவர்கள் மின்னஞ்சலையும் குறுஞ்செய்தியையும் தேடிப் பாருங்கள். விருப்பம் வந்ததாகத் தளம் அனுப்பிய தகவலில் பதிவு எண் இருக்கக்கூடும்.

ஒரே ஒரு இடத்தில் தாமதம் கூடாது. பேச்சுக்கு நடுவில் பணம் கேட்டால், கோபத்தில் தடுத்துவிடுவதற்கு முன் பதிவு எண், போன் எண், உரையாடல் மூன்றையும் எடுத்துவையுங்கள். மோசடிக்காரர் தன் பக்கத்தைத் தானே அழித்துவிடுவார். பணம் போயிருந்தால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள்.

ஒத்துவராத வரனின் படத்தையும் ஜாதகத்தையும் போனிலிருந்து நீக்கிவிடுங்கள். உறவினர் குழுவில் சுற்ற விடாதீர்கள். அதுவும் ஒரு வீட்டுப் பிள்ளையின் விவரம்தான்.