"வண்டிய ஆஃப் பண்ணுங்க, ஜீரோ பாத்துக்கோங்க"

எங்கள் ஊர் பைபாஸ் பங்க்கில் மாலை ஷிஃப்டில் நிற்கும் தம்பி ஒரு வண்டிக்கு இரண்டே வாக்கியம்தான் பேசுவார். முதலில், "அண்ணே, வண்டிய ஆஃப் பண்ணுங்க." அப்புறம், "ஜீரோ பாத்துக்கோங்க." போன மாதம் ஒருநாள் மழைக்கு ஒதுங்கி அங்கே முக்கால் மணி நேரம் நின்றேன். ஜீரோவைப் பார்க்காதவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் சொல்லாமலே வண்டியை அணைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கணக்கில் பத்து ரூபாய் போய்விடுமோ என்ற கவலை இருக்கிறது. தொடைகளுக்கு நடுவே திறந்து கிடக்கும் டேங்க் பற்றி அந்தக் கவலை இல்லை.

டேங்க் காலியாகிவிட்டது என்று சொல்லித்தான் பங்க்குக்குள் வண்டியைத் திருப்புகிறோம். உண்மையில் அது காலியாக இல்லை. பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்தைப் பெட்ரோல் ஆவி நிறைத்துக்கொண்டே வருகிறது. தீப்பற்றும் அளவுக்கு ஆவி விட, பெட்ரோலுக்கு வெயில்கூடத் தேவையில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் அது ஆவி விடும். இப்போது ஐந்து லிட்டர் போடச் சொல்கிறோம். ஐந்து லிட்டர் உள்ளே இறங்கினால், ஏறக்குறைய ஐந்து லிட்டர் ஆவி அதே வாய் வழியாக வெளியே வந்தாக வேண்டும். வெயிலில் பெட்ரோல் போடும்போது டேங்க் வாயருகே காற்று நெளிவதுபோலத் தெரியுமே, அதுதான் இது.

டேங்குக்குள்ளே இந்த ஆவி மிகவும் அடர்த்தியாக இருப்பதால் பொதுவாக எரியாது. எரிவதற்குக் காற்று போதாது. வெளியே வந்து காற்றோடு கலக்கும்போதுதான் ஆபத்து. கலவையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை பெட்ரோல் ஆவி இருந்தால் அது தீப்பிடிக்கத் தயார். அந்த ஆவி மேலே போய்க் கலைந்துவிடுவதும் இல்லை. காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது என்பதால் டேங்கின் பக்கவாட்டில் வழிந்து கீழேதான் இறங்கும். பைக்கில் டேங்குக்கு ஒரு சாண் கீழே என்ன இருக்கிறது? எஞ்சின்.

ஓடும் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் நொடிக்குப் பல முறை பொறி விடுகிறது. நல்ல வண்டியில் அந்தப் பொறி சிலிண்டருக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் பிளக்கின் ரப்பர் தொப்பியோ அதற்கு வரும் ஒயரோ வெடித்திருந்தால், பொறி வெளியிலும் தாவும். உங்கள் வண்டியில் அப்படி இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பிளக் பக்கம் கண்ணை வையுங்கள். நீல நிறத்தில் மினுமினுப்பு தெரிந்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டிய வண்டி அது. மழை நாளில் மட்டும் எஞ்சின் விட்டுவிட்டு அடிப்பதும் இதற்கு ஓர் அறிகுறி. எஞ்சினை அணைத்துவிட்டால் இந்த வழி முழுவதுமாக அடைபட்டுவிடுகிறது. சாவியையும் திருப்பி மூடிவிடுவது நல்லது.

இதில் நம்மில் பலர் கவனிக்காத பாதி ஒன்று இருக்கிறது. போடும்போது அணைத்துவிட்டு, மூடியைத் திருகிய கையோடு அதே இடத்தில் செல்ஃபை அழுத்துகிறோம். செல்ஃப் மோட்டாருக்குள்ளும் சின்னச் சின்னப் பொறிகள் உண்டு. வெளியேறிய ஆவி இன்னும் தரையோடு தரையாகச் சுற்றிக்கொண்டிருக்கும் நேரம் அது. விவரமான ஊழியர்கள் "முன்னால தள்ளிட்டுப் போய் ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார்கள். பின்னால் வரிசை நிற்பதால் சொல்கிறார்கள் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். இரண்டு மூன்று மீட்டர் தள்ளினால் போதும், காரியம் முடிந்தது. ஸ்கூட்டர்காரர்கள் சீட்டைத் தூக்க வேண்டியிருப்பதால் பெரும்பாலும் இறங்கிவிடுகிறார்கள். பைக்காரர்கள்தான் உட்கார்ந்தபடியே டேங்கைத் திறக்கிறோம். ஏதாவது ஆகிவிட்டால் நெருப்பின் மேல் உட்கார்ந்திருப்போம் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தால், இறங்கி நிற்பது சிரமமாகத் தெரியாது.

அடுத்தது செல்போன். பங்க் தூணில் போன் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட போர்டு இருக்கும். அதற்கு ஒரு முழம் தள்ளி, பணம் செலுத்த கியூஆர் கோடு ஒட்டியிருக்கும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிற சாதாரண மனிதர் போர்டையே நம்பாமல் போவதில் வியப்பில்லை. ஆகவே இதை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன் பேசியதால் பங்க் தீப்பிடித்தது என்ற செய்தி 1990-களின் இறுதியிலிருந்து மின்னஞ்சலிலும், பிறகு வாட்ஸ்அப்பிலும் உலகம் சுற்றுகிறது. அமெரிக்காவில் பெட்ரோலியக் கருவித் தொழில்துறையின் சங்கம் இப்படிப்பட்ட தீவிபத்துகளை, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவற்றை, ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தது. போனால் வந்தது என்று உறுதியான ஒன்றுகூட அதில் இல்லை. காரணமாகத் திரும்பத் திரும்ப வந்தது நிலைமின்சாரம். அங்கே வாடிக்கையாளரே பெட்ரோல் போட்டுக்கொள்கிறார். நாசிலைச் செருகி, தானாக ஓடவிட்டு, காருக்குள் போய் உட்காருகிறார். சீட்டில் உடை உரசி உடம்பில் மின்னூட்டம் ஏறுகிறது. இறங்கி வந்து நேராக நாசிலைத் தொடும்போது, விரல் நுனிக்கும் உலோகத்துக்கும் நடுவே பொறி பறக்கிறது. கையில் போன் இருந்தவர்கள் மேல் பழி விழுந்ததற்கு அந்தப் போன் கண்ணில் பட்டதே காரணம்.

அந்தப் பொறியின் வலிமையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க மில்லி ஜூலில் கால் பங்கு ஆற்றல் போதும். கதவுப் பிடியைத் தொடும்போது விரலில் லேசாகச் சுளீர் என்கிறதே, அப்போது உடம்பில் ஏறத்தாழ மூவாயிரம் வோல்ட் இருக்கும். அந்தப் பொறியிலேயே அரை மில்லி ஜூலுக்கு மேல் ஆற்றல் உண்டு. அதாவது நம் விரலுக்குத் தெரிகிற பொறி எதுவாக இருந்தாலும், அது ஆவிக்குப் போதுமானது. போனின் ரேடியோ அலை இந்த அளவு ஆற்றலை ஒரே புள்ளியில் பொறியாகத் திரட்டுவதற்கு வழி இல்லை என்றே சொல்லலாம்.

அப்படியென்றால் போர்டு பொய்யா? இல்லை. பெட்ரோல் மெஷினுக்குள் இருக்கும் மின்கருவிகள் ஆவி சூழ்ந்த இடத்தில் பொறி விடாதபடி தனியாகச் சோதித்து அனுமதி பெற்றவை. நம் போன் அந்தச் சோதனைக்குப் போனதே இல்லை. ஆகவே விலக்கி வைப்பது முன்னெச்சரிக்கை. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரியும் காரணம் கவனம். நான் நின்றிருந்த அன்று, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்த ஒருவர், "போதும்" என்று சொல்ல மறந்தார். பெட்ரோல் டேங்க் வாயைத் தாண்டி வழிந்து சைலன்சர் பக்கம் இறங்கியது. தம்பி ஈரத்துணியோடு ஓடிவந்து துடைத்தார். பேசியவர் அப்போதும் பேச்சை நிறுத்தவில்லை. பணம் கட்டும் விஷயத்தில் தீர்வு எளிது: போட்டு முடித்து, மூடியைத் திருகி, வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுப் போனை எடுக்கலாம். கியூஆர் அட்டையை மெஷினிலிருந்து பெயர்த்து, வெளியேறும் பக்கத்தில் வைக்க பங்க் உரிமையாளர்களுக்கு அதிகச் செலவு ஆகாது.

ஒருவேளை டேங்க் வாயில் தீ பிடித்துவிட்டால் கை தானாகச் செய்யத் துடிப்பது நாசிலை வெளியே இழுப்பதைத்தான். அதைச் செய்யக் கூடாது. இழுத்தால் எரியும் பெட்ரோல் சுற்றிலும் சிதறும். ஊழியர் விசையை விட்டுவிட்டு விலக வேண்டும், அவசர ஸ்விட்சை அழுத்த வேண்டும், பவுடர் சிலிண்டரையோ வாளி மணலையோ எடுக்க வேண்டும். நம் வேலை இறங்கித் தள்ளிப் போவது. தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன் மேல் மிதந்து தீயைப் பரப்பிவிடும்.

இந்த இரண்டு விதிகளும் தீயைப் பற்றியவை. வேறு சில மாநிலங்களில் அதே தூணில் மூன்றாவதாக ஒரு போர்டு ஏறியிருக்கிறது: ஹெல்மெட் இல்லை என்றால் பெட்ரோல் இல்லை. தீக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. எல்லா பைக்கும் எப்போதாவது வந்தே தீர வேண்டிய இடம் பங்க் என்பதால், அதைச் சோதனைச் சாவடியாக்கும் யோசனை இது. கொல்கத்தா 2016-இலும் 2020 டிசம்பரிலும் இதைச் செய்தது. உத்தரப் பிரதேசம் 2025 செப்டம்பர் முழுவதும் மாநிலமெங்கும் செய்தது.

மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 2025 ஆகஸ்ட் 1 முதல் நடந்ததைப் பார்த்தால் இதன் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரியும். ஹெல்மெட் போடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் ஆயிரம் ரூபாய் அபராதமும், மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கமும் வைத்திருக்கிறது. பெட்ரோல் தரக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஆகவே இந்தூர் மாவட்ட நிர்வாகம் அவசரத் தடை உத்தரவுக்கான 163-ஆம் பிரிவைக் கையில் எடுத்தது. பழைய 144 தான் இது. அந்தப் பிரிவில் போடும் உத்தரவு இரண்டு மாதம்தான் செல்லும். இந்தூரில் செப்டம்பர் 29 வரை என்று தேதி குறித்தார்கள். கொல்கத்தாவின் 2020 உத்தரவும் பிப்ரவரி தொடக்கத்தில் முடிந்ததைப் பார்க்கும்போது, இந்த உத்தரவுகள் ஏன் வருவதும் மறைவதுமாக இருக்கின்றன என்பது புரிகிறது.

இந்தூரில் ஒருவர் பால் கேனின் மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து பெட்ரோல் வாங்கிப்போன வீடியோ நாடு முழுவதும் பரவியது. பெட்ரோல் கொடுத்த பங்க்குக்கு நிர்வாகம் சீல் வைத்தது. எனக்கு மனம் பொறுக்காத இடம் இதுதான். தலைக்கவசம் போடாதவர் வீட்டுக்குப் போய்விட்டார். தண்டனை விழுந்தது நாசில் பிடித்தவரின் பிழைப்பின் மேல்.

நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். ஆனால் லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கொடுக்கும் பைக்கில் ஐந்து லிட்டர் போட்டவர், தினம் முப்பது கிலோமீட்டர் ஓட்டினால் எட்டு நாள் பங்க் பக்கமே வர வேண்டியதில்லை. எட்டு நாளில் ஐந்து நிமிடம் தலையில் ஏறும் ஹெல்மெட், அதுவும் பக்கத்து வண்டிக்காரரிடம் இரவல் வாங்கியது, அந்த ஐம்பதாயிரத்தைக் குறைக்குமா? பங்க்கில் ஒரு போக்குவரத்துக் காவலர் நின்று, பெட்ரோலைக் கொடுக்க விட்டு, அபராதச் சீட்டைக் கையில் கொடுத்தால் சட்டமும் நடக்கும், ஊழியரும் தப்பிப்பார்.

மழை விட்டதும் தம்பியிடம் இந்தூர் கதையைச் சொன்னேன். துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார். "வண்டிய ஆஃப் பண்ணச் சொன்னாலே முறைக்கிறாங்கண்ணே. ஹெல்மெட் எங்கன்னு கேட்டா அடிச்சிருவாங்க." அதற்குள் அடுத்த பைக் வந்து நின்றுவிட்டது, எஞ்சின் ஓடியபடியே.