நிழற்படமாக்கிய தேசப்படத்தில் தூரங் காணுதல்

புவியியல் வினாத்தாளொன்றிலுள்ள இடவிளக்கப்படத்தை மாணவர் நேரே காண்பது இக்காலத்தில் அருகி வருகின்றது. கைத்தொலைபேசியிற் பிடித்த நிழற்படமாகவோ, அப்படத்தின் கறுப்பு வெள்ளைப் பிரதியாகவோ அது அவர்கள் கையை அடைகின்றது. படம் சிறுத்தோ பெருத்தோ வந்துவிட்டபின்னர் அதன் அளவுத்திட்டம் யாதாகும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

நிலவளவைத் திணைக்களத்தின் மெற்றிக் படமொன்று 1:50,000 என்னும் வகைக்குறிப் பின்னத்தைத் தாங்கி நிற்கின்றது எனக் கொள்வோம். படத்தில் 1 சென்ரிமீற்றர் நிலத்தில் 50,000 சென்ரிமீற்றர், அஃதாவது அரைக் கிலோமீற்றர், என்பது இதன் பொருள். அப்படத்தைச் சுருக்கிப் பிரதி செய்தாலும் 1:50,000 என்ற எழுத்து மாறுவதில்லை. மாறாத அவ்வெழுத்தே பிழைக்குக் காரணமாகின்றது. நேர்கோட்டு அளவுத்திட்டமோ படத்தோடு ஒருங்கே சுருங்கி, ஒருங்கே விரியும் இயல்பினது. ஆகவே பிரதியில் நம்பத்தக்கது அக்கோடேயன்றி அப்பின்னமன்று.

ஓர் உதாரணங் காண்போம். மூலப்படத்தின் அளவுத்திட்டக் கோட்டில் 0 முதல் 4 கிலோமீற்றர் வரையுள்ள பகுதி 8 சென்ரிமீற்றராய் இருத்தல் வேண்டும். கையிலுள்ள பிரதியில் அதனை அளந்தபோது 5 சென்ரிமீற்றர் எனக் காணப்பட்டது. எனவே இப்பிரதியில் 1 சென்ரிமீற்றர் 800 மீற்றரைக் குறிக்கும். உண்மையான பின்னம் 1:80,000 ஆகும். புகையிரத நிலையத்திலிருந்து பாலம் வரையுள்ள வீதி பிரதியில் 7 சென்ரிமீற்றர் எனின், அச்சிட்ட பின்னத்தை நம்பியவர் 3.5 கிலோமீற்றர் என விடை எழுதுவர். சரியான விடை 5.6 கிலோமீற்றர்.

வளைந்த வீதியை அளத்தற்குக் கடதாசித் துண்டொன்றின் நேரிய விளிம்பே போதும். வளைவுதோறும் ஒரு குறியிட்டு, அக்குறியில் பென்சில் முனையை ஊன்றித் துண்டைத் திருப்பி, அடுத்த நேர்ப்பகுதியோடு பொருத்துக. இறுதியில் அவ்விளிம்பை அளவுத்திட்டக் கோட்டின்மீது வைக்கும்போது ஒன்று கருதத்தக்கது. பல படங்களிற் பூச்சியம் கோட்டின் இடக்கோடியில் இல்லை. அதற்கு இடப்புறத்தே ஒரு கிலோமீற்றர் பத்துச் சிறு பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கும். வலப்புறக் குறியை 5 என்ற முழு எண்ணில் நிறுத்தினால், இடப்புறக் குறி பூச்சியத்துக்கு அப்பால் ஆறாவது சிறு பிரிவில் விழும், 5.6 கிலோமீற்றர் என்பது கணக்கின்றியே பெறப்படும். இடக்கோடியிலிருந்து எண்ணத் தொடங்கும் மாணவர் விடையில் ஒரு கிலோமீற்றர் பிழைபடுவர். திரையிலேயே அளப்பவர், கோட்டை அளந்தபின் படத்தைப் பெருப்பித்துத் தூரத்தை அளத்தலாகாது.

சாய்த்துப் பிடித்த நிழற்படத்தில் அக்கோடும் முழுமையாக உதவாது. இதனை அறியும் வழி எளிது: கிலோமீற்றர்க் கட்டங்களைப் படத்தின் அடியிலும் முடியிலும் அளந்து பார்க்க. அடியில் ஒரு கட்டத்தின் அகலம் 1.25 சென்ரிமீற்றராகவும் முடியில் 1.1 சென்ரிமீற்றராகவும் இருப்பின் படம் சாய்ந்துள்ளது. முடியிற் கிழக்கு மேற்காகக் கிடக்கும் 5.5 சென்ரிமீற்றர்த் தூரம், அடியிலுள்ள கோட்டின்படி 4.4 கிலோமீற்றராகும், அவ்விடத்துக் கட்டத்தின்படியோ 5 கிலோமீற்றர். பின்னதே கொள்ளத்தக்கது. குறுக்காகச் செல்லும் நேர்த்தூரத்துக்குக் கட்டங்களையே எண்ணுக. ஓரிடம் மற்றதற்குக் கிழக்கே 3.6 கட்டமும் வடக்கே 2.7 கட்டமும் தள்ளியிருப்பின், அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 20.25, அதன் வர்க்கமூலமாகிய 4.5 கிலோமீற்றரே தூரம்.

இனிக் குறியீடுகள். நிறமிழந்த பிரதியில் நீலநிற ஓடையும் கபிலநிறச் சமவுயரக்கோடும் ஒரே கருங்கோடாய்த் தோன்றும். குறிவிளக்கத்தில் இரண்டும் வெவ்வேறாயிருந்த நிறம் போய்விட்டமையால், வடிவங்கொண்டே அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும். சமவுயரக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லுங் கோடு, வெட்டுமிடந்தோறும் அவை மேட்டுப்பக்கமாக ஆப்புப்போல் மடிந்திருப்பின், ஓடையெனத் துணியலாம். மடிப்பின்றி வெட்டுவது பெரும்பாலும் வீதியோ ஒற்றையடிப்பாதையோ ஆகும். வினா 'ஆறு வீதியைக் கடக்குமிடத்திலிருந்து' எனத் தொடங்கின், இத்தெளிவின்றி அளவுகோலை எடுப்பதிற் பயனில்லை.

குறியீடுகள் அளவுத்திட்டத்துக்கு அமைய வரையப்பட்டவையல்ல என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது. 1:50,000 படத்தில் 1 மில்லிமீற்றர் அகலமுள்ள வீதிக்கோடு 50 மீற்றரைக் குறித்தல் வேண்டும். அத்துணை அகன்ற வீதி நம் நாட்டுப்புறத்தில் யாண்டுமில்லை. ஆதலின் தூரத்தைக் குறியீட்டின் ஓரத்திலிருந்தன்றி நடுவிலிருந்தே அளத்தல் முறை. நாம் எடுத்துக்கொண்ட பிரதியில் அரை மில்லிமீற்றர்த் தவறும் 40 மீற்றராகும், எனவே 5.6 கிலோமீற்றர் என நிறுத்துவதே நேர்மை, 5.63 என எழுதுதல் அளவுகோல் அறியாத ஒன்றைக் கூறுவதாகும்.