ஒகேனக்கல்ல மாட்டிவிட்ட ஒரு ‘அல்லி’: தூக்கமும் கலந்து படிக்கிறதும்

போன எபிசோட்ல கன்னடம் கத்துக்கிறேன்னு சொல்லியிருந்தேன். எப்படிப் போகுதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நேரா ஒகேனக்கல்ல நடந்த அசிங்கத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

பெங்களூர்ல வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு. வீட்டு ஓனரம்மாவுக்குத் தமிழ் சுத்தமா வராது, அதனால கன்னடம் எனக்குக் கட்டாயம். ஒரு வியாழக்கிழமை ராத்திரி உட்கார்ந்து ‘-அல்லி’ன்ற வேற்றுமை உருபை மட்டும் பயிற்சி பண்ணினேன். நம்ம ‘வீட்ல’ன்றதுக்கு அங்கே ‘மனெயல்லி’. ஆத்துல, நதியல்லி. கல்லுல, கல்லினல்லி. நாற்பது வாக்கியத்துக்கு நாற்பதும் சரி. சந்தோஷத்துல ராத்திரி ஒரு மணிக்குப் படுத்து, நாலு மணிக்கு நண்பர்களோட காரில் ஒகேனக்கல் கிளம்பிட்டேன்.

அங்கே காவிரிக்கு இந்தக் கரை தருமபுரி மாவட்டம், அந்தக் கரை கர்நாடகா. பரிசல் ஓட்டுறவங்க, மீன் வறுக்கிறவங்க நிறைய பேர் ரெண்டு மொழியும் பேசுவாங்க. மீன் வறுத்துக்கிட்டிருந்த அக்கா ஒருத்தர், என் டி-ஷர்ட்டில் இருந்த கன்னட எழுத்தைப் பார்த்துட்டு, “எல்லிந்த பந்த்ரி?” அப்படின்னாங்க. எங்கேருந்து வந்தீங்கன்னு அர்த்தம். நான் கெத்தா, “பெங்களூரல்லி பந்தெ” என்றேன். அவங்க சிரிச்ச சிரிப்புல மீன் கருகியிருக்கும். நான் சொன்னது ‘பெங்களூர்ல வந்தேன்’. சொல்லியிருக்க வேண்டியது ‘பெங்களூரிந்த பந்தெ’.

நாற்பதுக்கு நாற்பது வாங்கினவன் முதல் கேள்வியிலேயே ஏன் விழுந்தேன்? என் பயிற்சியைத் திரும்பப் பார்த்ததும் புரிஞ்சது. அந்த நாற்பது வாக்கியத்துலயும் விடை ‘-அல்லி’தான். எந்த உருபு வரணும்னு நான் ஒரு தடவைகூட யோசிக்கவே இல்லை. பேசும்போது கஷ்டமான வேலையே அந்தத் தேர்வுதான். ‘-கெ’யா, ‘-அல்லி’யா, ‘-இந்த’வா? அந்த வேலையை நான் பழகவே இல்லை.

தமிழ்க்காரங்களுக்கு இதுல கூடுதலா ஒரு கண்ணியும் இருக்கு. பேச்சுத் தமிழ்ல நாம ‘ஊர்ல’ என்கிறோம், ‘ஊர்லருந்து’ என்கிறோம். ரெண்டுலயும் அந்த ‘ல’ வருது. அதனால ‘-லருந்து’ன்னு நினைச்சாலே வாய் ‘-அல்லி’ பக்கம் சாயும். கன்னடத்துல ‘-இந்த’ தனி உருபு, அதுக்குள்ள ‘அல்லி’ கிடையாது.

இந்த மாதிரி ஒண்ணோட ஒண்ணு குழம்புற விஷயங்களுக்குத்தான் கலந்து படிக்கிறது வேலை செய்யுது. 2019-ல் நகாட்டா, சுசூகின்ற ரெண்டு ஆய்வாளர்கள், ஜப்பான் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆங்கில இலக்கணப் பயிற்சி கொடுத்துப் பார்த்தாங்க. ஒரு குழு ஒவ்வொரு இலக்கண அமைப்பா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போச்சு. இன்னொரு குழுவுக்கு எல்லாம் கலந்து வந்தது. பயிற்சியின்போது கலந்து படிச்சவங்கதான் அதிகம் தப்பு பண்ணினாங்க. ஒரு வாரம் கழிச்சு வச்ச தேர்வுல அவங்கதான் முன்னாடி. என் நாற்பதுக்கு நாற்பது எவ்வளவு பொய்யான மார்க்குன்னு இப்போ தெரியுதா?

அதுக்காக எல்லாத்தையும் கலக்காதீங்க. 2014-ல் ஹவுஸ்மன், கார்னெல் ரெண்டு பேரும் உடற்கூறு சொற்களையும் இந்தோனேசிய வார்த்தைகளையும் கலந்து படிக்க வச்சுப் பார்த்தாங்க. எந்த லாபமும் இல்லை. காரணம் யோசிச்சா எளிது. எலும்போட பேரும் இந்தோனேசிய வார்த்தையும் யாருக்கும் குழம்பாது, அங்கே தேர்ந்தெடுக்கிற வேலையே இல்லை. கன்னடம் அரை மணி நேரம், ஜாவா அரை மணி நேரம்னு மாத்தி மாத்திப் படிக்கிறது போர் அடிக்காம இருக்க உதவலாம். நான் சொல்ற பலன் அதுல வராது.

சரி, தூக்கத்துக்கு வருவோம். இதுல எனக்குப் பிடிச்ச ஆய்வு பிரான்ஸின் லியோன் நகரத்துல ஸ்டெஃபனி மசாவும் குழுவும் பண்ணினது, 2016-ல் வெளிவந்தது. பிரெஞ்சு பேசுறவங்களுக்கு 16 ஸ்வாஹிலி வார்த்தைகள். ரெண்டு குழுவுமே பதினாறும் சரியா வர்ற வரைக்கும் படிச்சாங்க, 12 மணி நேரம் கழிச்சு மறுபடி உட்கார்ந்தாங்க. ஒரு குழு காலையில படிச்சு அன்னிக்கே ராத்திரி திரும்பப் பார்த்தது. இன்னொரு குழு ராத்திரி படிச்சு, தூங்கி எழுந்து காலையில பார்த்தது. தூங்கினவங்களுக்கு எடுத்த எடுப்பில் சராசரியா 10 வார்த்தை ஞாபகம் இருந்தது, தூங்காதவங்களுக்கு ஏழு, எட்டு. இதைவிட எனக்கு முக்கியமாப் படுறது அடுத்த விஷயம். பதினாறையும் திரும்பப் பிடிக்கத் தூங்கினவங்களுக்கு ஏறக்குறைய 3 சுற்று போதுமா இருந்தது, மத்தவங்களுக்கு 6. பாதி உழைப்பு! ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தாலும் 15-க்குப் பக்கம் எதிராக 11.

என்ன நடக்குதுன்னா, புதுசா படிச்சது முதல்ல ஹிப்போகேம்பஸ்ன்ற பகுதியை நம்பி நிக்குது. ஆழ்ந்த தூக்கத்துல அந்த நரம்புச் செயல்பாடு திரும்பத் திரும்ப ஓடுது, மெல்ல மெல்ல மூளையின் மேல்புறணியில் பழைய அறிவோட சேருது. ராத்திரி ஓடுற பேக்கப் ஜாப் மாதிரின்னு வச்சுக்கலாம். ஆனா பகல்ல சேவ் பண்ணாததை எந்த பேக்கப்பும் காப்பாத்தாது. அந்த ஆய்வுல ரெண்டு குழுவும் முதல்ல முழுசா படிச்சுட்டுத்தான் போனாங்கன்றதை மறந்துடாதீங்க. பாதி படிச்சுட்டுப் படுத்தா பாதிதான் மிஞ்சும்.

இப்போ என் வாரம் இப்படி இருக்கு. திங்கள் ராத்திரி ஒன்பதரைக்கு 12 புது வார்த்தை, எல்லாம் ஒரு தடவையாவது பார்க்காம சொல்ல வர்ற வரைக்கும். அப்புறம் போனைத் தள்ளி வச்சுட்டுத் தூக்கம். செவ்வாய் காலையில பல் தேய்க்கிறதுக்கு முன்னாடி அதே 12, இந்தத் தடவை நோட்டைத் திறக்காம. விட்டுப்போனதை மட்டும் திரும்பப் படிப்பேன். பத்து நிமிஷம்கூட ஆகாது. (பல்லுன்னதும் ஞாபகம் வருது: பல்லு அங்கே ஹல்லு, பால் ஹாலு, புகை ஹொகெ. புகையற கல்லுதான் ஒகேனக்கல். நம்ம ‘ப’ பல இடத்துல அங்கே ‘ஹ’ ஆயிடும். ஆனா அதையே நம்பி ‘புஸ்தக’வை ‘ஹுஸ்தக’ன்னு சொல்லிடாதீங்க, சமஸ்கிருதத்துல இருந்து வந்த வார்த்தைகளுக்கு அது பொருந்தாது.)

உருபுகளுக்குப் புதன், வியாழன். முதல் பத்து நிமிஷம் மட்டும் தனித்தனியா. ஒண்ணுமே தெரியாம கலந்தா வெறும் குழப்பம்தான். அதுக்கப்புறம் சீட்டு குலுக்கல். சீட்டில் தமிழ் வாக்கியம் மட்டும் இருக்கும்: “பரிசல்ல உட்கார்”, “வீட்டுக்குப் போறேன்”, “ஆத்துலருந்து வந்தான்”. ஒரே உருபு தொடர்ந்து மூணு தடவை வந்தா திரும்பக் குலுக்குவேன். தூங்கி எழுந்து, வெள்ளி காலையில அதே சீட்டு, வேற வரிசை.

இருபதுல பன்னிரண்டுதான் சரியா வரும். ஆரம்பத்துல இது ரொம்ப எரிச்சலா இருந்தது, பழைய முறைக்கே போயிடலாமான்னு தோணிச்சு. இப்போ அன்னிக்கு வாங்கின மார்க்கை நான் கணக்கில் எடுக்கிறதில்லை. அடுத்த வாரம் புதன்கிழமை, படிக்கிறதுக்கு முன்னாடி வர்ற மார்க்தான் கணக்கு. அதுலயும் ரெண்டு வாரம் ஒரே ஜோடி குழம்பினா, அந்த ரெண்டை மட்டும் தனியா எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்பேன்.

போன மாசம் திரும்ப ஒகேனக்கல் போனேன். பரிசல் அண்ணாகிட்ட ‘பெங்களூரிந்த பந்தெ’ சரியா வந்துடுச்சு. அதே வேகத்துல, பரிசலுக்கு எவ்வளவுன்னு கேட்க ‘தெப்பகெ எஷ்டு?’ என்றேன். அவர் துடுப்பை எடுத்துக்கிட்டே, “தெப்பக்கெ, தம்பி, தெப்பக்கெ” என்றார். ‘அ’வில் முடியிற அஃறிணைச் சொல்லுக்கு ‘-கெ’ இல்லை, ‘-க்கெ’. இந்த வாரச் சீட்டுல அதையும் சேர்த்தாச்சு.