செட் விலை: பில் ஏறினால் போதாது, லாபமும் ஏற வேண்டும்

புதுவையிலிருந்து கடலூர் சாலையில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் சென்றால் நோணாங்குப்பம். அங்குள்ள சுண்ணாம்பாறு படகுத்துறைக்கு விடுமுறை நாட்களில் வெளியூர்க் குடும்பங்கள் வந்தபடி இருக்கின்றன. படகில் பாரடைஸ் பீச் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் சாலையோரக் கடைகளில் ஒருமுறை சாப்பிடுவார்கள், ஏதாவது வாங்குவார்கள், ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களை அடுத்த வாரமும் வரவழைப்பது நம் கையில் இல்லை. வந்த அந்த ஒரு தடவை பில் எவ்வளவு என்பதுதான் கணக்கு. அதனால்தான் "காம்போ" என்றும் "செட்" என்றும் பலகை எழுதி வைக்கும் ஆசை நம் கடைக்காரர்களுக்கு வருகிறது.

ஆசை சரிதான். ஆனால் பலகை எழுதுமுன் ஒரு கணக்குப் போட வேண்டும். விற்பனை ஏறி, கல்லாவில் நோட்டு சேர்ந்து, மாதக் கடைசியில் லாபம் மட்டும் ஏறாமல் நிற்பது செட் வியாபாரத்தில் சகஜம். அது எங்கே போகிறது என்று பார்ப்போம்.

பொங்கல், வடை, காபி: ஒரு கணக்கு

ஒரு சிறிய டிபன் கடையை எடுத்துக்கொள்வோம். விலைகள் உதாரணத்துக்காகச் சொல்பவை. உங்கள் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கல் 50 ரூபாய், அதற்குப் பொருட்செலவு 18. வடை 15 ரூபாய், செலவு 6. காபி 20 ரூபாய், செலவு 8. கூலி, வாடகை, கேஸ் எல்லாம் செட் போட்டாலும் போடாவிட்டாலும் ஏறக்குறைய அதேதான் என்பதால் இங்கே பொருட்செலவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

காலையில் 100 பேர் வருகிறார்கள். 40 பேர் பொங்கல் மட்டும், 35 பேர் பொங்கலும் வடையும், 25 பேர் பொங்கல், வடை, காபி மூன்றும் வாங்குகிறார்கள். மொத்த விற்பனை 6,400 ரூபாய். சராசரி பில் 64 ரூபாய். பொருட்செலவு 2,360 போக மிச்சம் 4,040. நூற்றுக்கு 63 ரூபாய் நிற்கிறது.

இப்போது கடைக்காரர் மூன்றையும் சேர்த்து, 85 ரூபாய் ஆவதை 78 ரூபாய்க்குச் செட் என்று எழுதி வைக்கிறார். முதலில் யார் அதை வாங்குவார்கள்? ஏற்கெனவே 85 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த அந்த 25 பேர்தான். அவர்களுக்குத் தலைக்கு 7 ரூபாய் தள்ளுபடி. ஆக, புதிதாக ஒருவர்கூடக் கூடுதலாக வாங்குமுன்பே 175 ரூபாய் போய்விட்டது.

அதை ஈடுகட்ட மற்றவர்கள் மாற வேண்டும். பொங்கல் மட்டும் வாங்கியவர் செட்டுக்கு வந்தால் 14 ரூபாய் கூடுதல் லாபம். பொங்கலும் வடையும் வாங்கியவர் வந்தால் 5 ரூபாய்தான் கூடுதல். முதல் வகையில் 10 பேரும் இரண்டாம் வகையில் 15 பேரும் மாறினார்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வரவேற்புதான், வந்தவர்களில் பாதிப் பேர் செட் வாங்குகிறார்கள். விற்பனை 6,700 ஆகிறது, சராசரி பில் 67. ஆனால் மிச்சம் 4,080 மட்டுமே. 300 ரூபாய் விற்பனை கூடியும் லாபம் கூடியது 40 ரூபாய். நூற்றுக்கு 63 நின்றது 61 ஆகிவிட்டது. 10 வடை, 25 காபி வேலை கூடுதல். இதற்கா பலகை?

தவறு தள்ளுபடி கொடுத்ததில் மட்டும் இல்லை. ஏற்கெனவே சேர்ந்து விற்றுக்கொண்டிருந்த பொருள்களையே சேர்த்ததில்தான் இருக்கிறது.

விலை இறங்காத செட்

இதே கடையில் இன்னொரு வழி. காலையில் கேசரி அதிகம் போவதில்லை. முழுத் தட்டு வாங்க யாருக்கும் மனம் வருவதில்லை. அதைச் சிறு கிண்ணத்தில் 40 கிராம் அளவுக்கு வைத்தால் பொருட்செலவு சுமார் 3 ரூபாய். தனியாக 15 ரூபாய் என்று எழுதுங்கள். பொங்கல், வடை, காபி, கிண்ணக் கேசரி நான்கும் சேர்ந்து 100 ரூபாய், செட்டாக 95.

இதில் கவனிக்க வேண்டியது, கடையின் மிகப் பெரிய பழைய பில் 85 ரூபாய். செட் அதற்கும் மேலே 95. எனவே செட் வாங்குகிற எவருடைய பில்லும் முன்பைவிடக் குறையாது. தள்ளுபடி கொடுத்த 5 ரூபாயும் கேசரியின் 12 ரூபாய் லாபத்திலிருந்து போகிறதே தவிர, பொங்கலிலிருந்தோ காபியிலிருந்தோ போகவில்லை.

பழைய 25 பேரில் 15 பேர் மாறினால் தலைக்கு 7 ரூபாய் கூடுதல் லாபம். பொங்கல்-வடைக்காரர்களில் 10 பேர் மாறினால் தலைக்கு 19. பொங்கல் மட்டும் வாங்கியவர்களில் 5 பேர் மாறினால் தலைக்கு 28. முதல் செட்டை 50 பேர் வாங்கினார்கள். இதை வாங்கியது 30 பேர்தான். ஆனாலும் விற்பனை 7,075, சராசரி பில் 70 ரூபாய் 75 பைசா, பொருட்செலவு 2,600, மிச்சம் 4,475. லாபம் 435 ரூபாய் கூடியிருக்கிறது. நூற்றுக்கு 63 என்பது அப்படியே நிற்கிறது. பலகையை ஒருவருமே பார்க்கவில்லை என்றாலும் நஷ்டம் மீந்த கேசரி மட்டும்தான்.

பெரிய ஓட்டல்களின் "மினி டிபன்" இந்த வழியில் இன்னும் ஒரு படி மேலே போனது. சிறு தோசை, கொஞ்சம் பொங்கல், ஒரு கரண்டி கேசரி, சிறு டம்ளர் காபி என்று எல்லாமே தனி அளவு. அந்த அளவில் எதையும் தனியாக வாங்க முடியாது. ஆகவே வாடிக்கையாளர் கூட்டிப் பார்த்து "எவ்வளவு குறைத்தீர்கள்?" என்று கேட்பதற்கே இடமில்லை. நான்கு ருசி கிடைத்தது என்பதே அவருக்கு லாபம்.

செட் போடுமுன் ஒரு வாரம் ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள்: எது தனியாகப் போகிறது, எது எதோடு போகிறது என்று. ஞாயிற்றுக்கிழமையைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், ஏனெனில் படகுத்துறைக் கூட்டத்தின் பழக்கம் வேறு, தினமும் வரும் உள்ளூர்க்காரர் பழக்கம் வேறு. போட்ட பிறகும் இரண்டு வாரம் எண்ண வேண்டும். அப்போது சராசரி பில்லைப் பார்ப்பதோடு நிற்காமல், அன்றைய பொருட்செலவு போன மிச்சத்தை வந்த தலைகளால் வகுத்துப் பாருங்கள். முன்பு 100 பேருக்கு 4,040, அதாவது தலைக்கு 40 ரூபாய் 40 பைசா. அது ஏறவில்லை என்றால் பலகையைக் கழற்றிவிடலாம். இன்னொரு அடையாளமும் உண்டு. தட்டு எடுக்கும் பையனைக் கேளுங்கள். கேசரி கிண்ணம் பாதி தொடாமல் திரும்புகிறதென்றால் அவர்கள் செட்டை விரும்பி வாங்கவில்லை. அடுத்த முறை வாங்க மாட்டார்கள்.

மளிகைக் கடையில்

மளிகையில் கதை வேறு. டிபனில் நூற்றுக்கு 60 நிற்கிற இடத்தில் கம்பெனி பிஸ்கட்டிலும் சோப்பிலும் 10 நின்றாலே பெரிது. அதில் 5 ரூபாய் குறைத்துச் செட் போட இடமே கிடையாது. இங்கே செட்டின் பலம் தள்ளுபடி அல்ல, வாடிக்கையாளரின் அலைச்சலைக் குறைப்பதுதான்.

ஆயுத பூஜைப் பொரி செட் நமக்கெல்லாம் தெரிந்ததே. பொரி 20 ரூபாய் (கொள்முதல் 13), பொட்டுக்கடலை 14 (கொள்முதல் 11), அவல் 11 (கொள்முதல் 8), நாட்டுச் சர்க்கரை 10 (கொள்முதல் 8). மொத்தம் 55, லாபம் 15. பொரி மட்டும் வாங்க வந்தவரிடம் 7 ரூபாய் லாபம். செட் எடுத்தால் 15. எந்தப் பொருளின் மார்ஜினும் குறையவில்லை. இதையே "செட் 50 ரூபாய்" என்று எழுதினால் 15-இல் 5 போய்விடும். மூன்றில் ஒரு பங்கு லாபம் ஒரு வரியில் காலி. பண்டிகைக்கு முந்தின மாலை வரிசையில் நிற்கிறவர் 5 ரூபாய் குறையவில்லை என்று திரும்பிப் போவதில்லை. சீக்கிரம் கொடுக்கிற கடையைத்தான் தேடுகிறார்.

மொத்த வியாபாரத்தில் சரக்கைக் கையாண்ட பழக்கத்தில் இரண்டு எச்சரிக்கைகள். பொரி காற்றுப் பட்டால் நமத்துப்போகும். நான்கு நாள் முன்பே கட்டி அடுக்கக் கூடாது, மூட்டையைப் பிரித்த அன்றும் மறுநாளும் விற்குமளவு மட்டும் கட்டுங்கள். கற்பூரம், ஊதுபத்தி, சோப்பு இவற்றைத் தின்பண்டத்தோடு ஒரே பையில் போடாதீர்கள். வாசனை பொரியிலும் சர்க்கரையிலும் ஏறிவிடும். பூஜைச் சாமானுக்குத் தனிப் பை வேண்டும். போகாத சரக்கை, தேதி நெருங்கிய சரக்கைச் செட்டுக்குள் தள்ளுவதும் வேண்டாம். வீட்டுக்குப் போய் தேதியைப் பார்த்த அம்மா அடுத்த மாத மளிகைப் பட்டியலை வேறு கடைக்குக் கொடுத்துவிடுவார்.

பில் போடும்போது

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும. வெவ்வேறு வரி விகிதம் உள்ள பொருள்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால், 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கலப்பு விற்பனை. அதில் எந்தப் பொருளுக்கு அதிக வரியோ அந்த விகிதம் முழுத் தொகைக்கும் விழும். 22-9-2025 முதல் பாக்கெட் மிக்சருக்கு 5 சதவீதம், கேஸ் அடைத்த குளிர்பானத்துக்கு 40 சதவீதம். படகுத்துறைக்குப் போகிறவர்களுக்கென்று இரண்டையும் ஒரே பையில் கட்டி ஒரே விலை எழுதினால் மிக்சருக்கும் 40 சதவீதம் கட்ட நேரும். உங்கள் மார்ஜின் முழுவதும் அதில் போகும். ஒவ்வொன்றுக்கும் தனி விலை வைத்து, பில்லில் தனித்தனி வரியாகப் போட்டு, எதையும் தனியாக வாங்கலாம் என்ற நிலையில் விற்றால் இந்தச் சிக்கல் வராது. அதைவிட எளிது, 40 சதவீதப் பொருளைச் செட்டில் சேர்க்காமல் தண்ணீர் பாட்டிலும் கடலை மிட்டாயும் வைப்பது. காம்போசிஷன் திட்டத்தில் விற்றுமுதலின் மீது வரி கட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வாங்குபவர் எதிரில் இல்லாதபோதே பையை ஒட்டி மூடி வைத்தால் அது பாக்கெட் சரக்கு ஆகிவிடும். எடையளவுச் சட்டப்படி பெயர், முகவரி, நிகர அளவு, தேதி, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் அச்சிட வேண்டிவரும். கேட்கும்போது எடுத்துப் போட்டுக் கொடுக்கிற செட்டுக்கு அது வேண்டியதில்லை. பொருள்களை எடுத்துப் போடத் தோதாக ஒரே தட்டில் அடுக்கி வைத்தாலே போதும்.

நாளைக் காலை பலகை எழுதப் போகிறவர்கள் முதலில் நோட்டைத் திறந்து, உங்கள் கடையில் வழக்கமாக விழும் மிகப் பெரிய பில் எவ்வளவு என்று பாருங்கள். செட் விலை அந்தத் தொகைக்கு மேலே இருந்தால் எழுதுங்கள். கீழே இருந்தால் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, சேர்ப்பதற்கு வேறு பொருள் தேடுங்கள்.